பழைய வினாத்தாள்களை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி? தம்பிக்கு ஒரு கடிதம்

"அக்கா, இயற்பியலுக்குப் பத்து வருட வினாத்தாள்கள் விடைகளோடு கிடைத்திருக்கின்றன. தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. கேள்வியையும் விடையையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போனால் போதுமா? அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் பொறுக்கிப் படிக்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

அன்புள்ள தம்பிக்கு,

விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இன்று ராத்திரியே அப்படி உட்கார்ந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஒரு கேள்வியின் விடையை ஒருமுறை பார்த்துவிட்டால், அந்தக் கேள்வி உனக்குப் பிறகு புதுக் கேள்வியாக வரவே வராது. உன்னிடம் இருப்பது பத்தே பத்து வினாத்தாள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவைதான் 'பார்க்காத வினாத்தாள்' என்ற நிலையில் எழுத முடியும். அதை எங்கே செலவு செய்வது என்று முதலில் முடிவெடுத்துவிட வேண்டும்.

நான் பிரிக்கும் விதம் இது. மிகச் சமீபத்திய மூன்றையும் தனியாக எடுத்து ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடு. கடைசி மூன்று வாரம் வரை அதைத் தொடக் கூடாது. கேள்வி அமைப்பும் பாடத்திட்டமும் இப்போது உள்ளதுக்கு அதிகம் நெருங்கி வருவது அவைதான், அதனால்தான் முழு ஒத்திகைக்கு அவற்றை வைத்துக்கொள்கிறோம். நான்காவதை, அதாவது உறைக்கு வெளியே இருப்பதில் சமீபத்தியதை, இந்த வாரமே முழுசாக எழுது. எந்தப் பாடத்தில் எவ்வளவு ஓட்டை என்று தெரிந்துகொள்ளத்தான் இது. மதிப்பெண் குறைவாக வந்தால் பரவாயில்லை. மீதி ஆறில் மிகப் பழைய நான்கைப் பாடவாரியாகப் பிரித்துக்கொள், மற்ற இரண்டைக் கலவைப் பயிற்சிக்கு வை. பிரிப்பதற்கு முன்னால் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, இப்போது இல்லாத பாடங்களின் கேள்விகளை அடித்துவிடு. பழைய வினாத்தாளில் இப்படிச் சில கேள்விகள் இருக்கத்தான் செய்யும். அவற்றோடு மல்லுக்கட்டி ஒரு மாலையைத் தொலைக்கிறவர்கள் நிறைய.

விடையோடு சேர்த்துப் படிப்பது ஏன் ஏமாற்றும் என்றால், படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து இயல்பாக வருவதாகத் தோன்றும். ஆனால் தேர்வில் அந்த முதல் வரியை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பகுதியினர் தாளைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதமும் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. படித்து முடித்த கையோடு வரும் தெம்பை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. உன் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப் போவதில்லை, எட்டு வாரம் கழித்து வருகிறது.

சரி, எழுதும்போது என்ன செய்ய வேண்டும்? புத்தகத்தை மூடி வை. கடிகாரத்தை எதிரே வை. ஒவ்வொரு கேள்வியைத் தொடங்கும்போதும் ஓரத்தில் மணியைக் குறித்துக்கொள். ஒவ்வொரு விடையையும் முடித்த உடனே, பக்கத்தில் 'உறுதி' அல்லது 'சந்தேகம்' என்று ஒரு சொல் எழுது. இது சின்ன வேலைதான், திருத்தும்போது இதன் பயன் தெரியும். நேரம் முடிந்ததும் ஒரு கோடு போட்டுவிட்டு, வேறு நிறப் பேனாவில் மீதியை எழுதி முடி. கோட்டுக்கு மேலே இருப்பது உன் இன்றைய மதிப்பெண். கோட்டுக்குக் கீழே சரியாக எழுதியவை உனக்குத் தெரிந்தவை, வேகம்தான் போதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "எனக்கு இயற்பியல் வராது" என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. தெரியாமல் விட்டதற்கு மருந்து வேறு, நேரம் போதாமல் விட்டதற்கு மருந்து வேறு.

திருத்துவதை அன்றைக்கே செய்யாமல் மறுநாளுக்கு வை. எழுதிய அன்று, தாளில் இல்லாததையும் நம் மனசு இட்டு நிரப்பிவிடும். மறுநாள் பார்த்தால் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், அதுதான் வேண்டும். விடைக்குறிப்பில் எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்திருந்தால், அந்தப் பிரிவின்படி மட்டும் போடு. "இது எனக்குத் தெரியும், எழுத மறந்துவிட்டேன்" என்று நீயே உனக்கு மதிப்பெண் கொடுக்காதே. திருத்துகிறவருக்குத் தாளில் உள்ளதுதான் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேர்வு நடத்துகிறவர்களே வெளியிடும் விடைக்குறிப்பு வேறு, யாரோ தொகுத்து விற்கும் விடைகள் வேறு. இரண்டாவது வகையில் தவறுகள் இருப்பது சகஜம். உன் விடையும் அதில் இருப்பதும் ஒத்துவரவில்லை என்றால் உடனே உன்னுடையதுதான் தப்பு என்று அடித்துவிடாதே. அலகு சரியாக வருகிறதா என்று பார். வந்த விடையை வைத்துக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார். வேறொரு வழியில் அதே விடை வருகிறதா என்று பார். அப்புறமும் தீரவில்லை என்றால் ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போ.

இனி, தப்பாகப் போன கேள்வியை என்ன செய்வது? இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான், அதனால் ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்: 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து, நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நேராக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது தரையை அடைய எவ்வளவு நேரமாகும்? ஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்க.

ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார்:

```
s = ut + ½at²
20 = 15t + 5t²
t² + 3t − 4 = 0
t = 1
```

விடை 1 நொடி. பக்கத்தில் 'உறுதி' என்றும் எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பில் 4 நொடி என்று இருக்கிறது. சமன்பாட்டுக்கு ஒன்று, குறிகளோடு சரியாகப் பிரதியிட்டதற்கு ஒன்று, தீர்த்து அலகோடு எழுதியதற்கு ஒன்று என்று மதிப்பெண் பிரிந்திருந்தால், இவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்று.

இப்போது பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? சரியான விடையைப் பார்த்து "ஓ, மைனஸ் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். தப்புகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் போட்டுக்கொள், ஆனால் இந்தச் சொல்லை அதில் எழுதவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். கவனக்குறைவு என்று எழுதினால் அதற்கு அடுத்து என்ன செய்வது? "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதனால் எதுவும் மாறாது.

காரணத்தைத் தேடு. அவர் எழுதிய சமன்பாடு எந்த நிகழ்வுக்குப் பொருந்துகிறது? பந்தைக் கீழ்நோக்கி 15 வேகத்தில் எறிந்திருந்தால் அது சரியாக 1 நொடியில் தரைக்கு வந்திருக்கும். ஆக அவர் தீர்த்தது வேறொரு கேள்வியை. தொடக்க வேகம் மேலே, இடப்பெயர்ச்சி கீழே, முடுக்கம் கீழே. இந்த மூன்றுக்கும் ஒரே குறியைக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார்? படம் வரையவில்லை, எந்தத் திசை நேர்க்குறி என்று முடிவு செய்யாமலேயே எண்களைப் போட்டார். நோட்டில் எழுத வேண்டிய காரணம் இதுதான்: 'எண்களைப் பிரதியிடும் முன் திசையைத் தேர்ந்தெடுக்கவில்லை.' இப்படி எழுதினால் அடுத்த முறை கை என்ன செய்ய வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடுகிறது. ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, மேல்நோக்கி நேர்க்குறி என்று எழுதிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

```
மேல்நோக்கி +
u = +15, a = −10, s = −20
−20 = 15t − 5t²
t² − 3t − 4 = 0
(t − 4)(t + 1) = 0
t = 4 நொடி
```

அடுத்த கேள்வி: தேர்வு அறையில் விடைக்குறிப்பு இல்லாமலே இந்தத் தப்பைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மேலே போகும் பந்தின் வேகம் ஒவ்வொரு நொடியும் 10 குறைகிறது. ஆகவே உச்சிக்குப் போகவே அதற்கு ஒன்றரை நொடி வேண்டும். அப்படியிருக்க 1 நொடியில் அது எப்படித் தரையில் இருக்கும்? இப்படிப் பார்க்க பத்து விநாடி போதும். முழுசாகச் சரிபார்ப்பதும் கஷ்டமில்லை: ஒன்றரை நொடியில் 11.25 மீட்டர் ஏறுகிறது, உச்சியிலிருந்து மொத்தம் 31.25 மீட்டர் விழுகிறது, அதற்கு இரண்டரை நொடி. கூட்டினால் 4. நோட்டில் காரணத்துக்குக் கீழே இந்தச் சரிபார்ப்பையும் ஒரு வரியில் எழுதிவை. காரணமும் சரிபார்ப்பும் ஆக இரண்டே வரி. விடையை முழுசாகப் பார்த்து எழுதி அழகுபடுத்த வேண்டாம், அது நேரம் தின்னும் வேலை.

இதோடு முடியவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அதே கணக்கை வெறும் தாளில் போட்டுப் பார். வந்தால் நல்லது, ஆனால் அது உனக்கு விடை நினைவிருப்பதாலும் வந்திருக்கலாம். உண்மையான சோதனை, இன்னொரு வருட வினாத்தாளில் அதே குழி வேறு வேஷத்தில் இருக்கும் கேள்வியைத் தேடிப் போடுவது. உதாரணமாக: நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும் ஒரு பலூன் 75 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, அதிலிருந்து ஒரு கல் விடப்படுகிறது. கல் எப்போது தரையை அடையும்?

இதில் 'எறியப்படுகிறது' என்ற சொல்லே இல்லை. 'விடப்படுகிறது' என்றதும் தொடக்க வேகம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும், அப்போது சுமார் 3.9 நொடி வரும். குறியைக் கோட்டைவிட்டால் 3 நொடி வரும். பலூனோடு சேர்ந்து கல்லும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பதைக் கவனித்து, திசையையும் முதலிலேயே குறித்துக்கொண்டவருக்கு −75 = 10t − 5t² என்று வந்து 5 நொடி கிடைக்கும். கல் ஒரு நொடி மேலே போகிறது, 80 மீட்டரைத் தொடுகிறது, அங்கிருந்து விழ 4 நொடி. இதை நீ உதவியில்லாமல் போட்டுவிட்டால், நோட்டில் அந்தப் பதிவின் மேல் ஒரு கோடு இழுத்துவிடலாம். போடவில்லை என்றால் பதிவு அப்படியே இருக்கட்டும், அடுத்த வாரம் இன்னொரு கேள்வி தேடு.

'உறுதி' என்று எழுதித் தப்பாகப் போனவற்றை முதலில் கவனி என்று சொன்னால் காரணம் புரியும் என்று நினைக்கிறேன். சந்தேகம் உள்ள இடத்தில் தேர்வன்றும் நீ நின்று யோசிப்பாய். உறுதியாக நம்பும் இடத்தில் நிற்கவே மாட்டாய். அந்தப் பந்துக் கணக்கு மாதிரி, தப்பான சமன்பாடு அழகாகக் காரணிப்படுத்த வந்து முழு எண்ணாக விடையும் கொடுத்துவிட்டால் சந்தேகமே வராது. 'சந்தேகம்' என்று எழுதிச் சரியாக வந்தவற்றையும் விட்டுவிடாதே. அதில் பாதி அதிர்ஷ்டமாக இருக்கலாம், இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டியவை அவை.

பாடவாரியாகப் பிரித்த நான்கு வினாத்தாள்களை முதல் மூன்று வாரம் பயன்படுத்து. ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் அந்தப் பாடத்தின் கேள்விகளை நான்கிலிருந்தும் எடுத்துப் போடு. இதில் வேகமாக முன்னேறுவது போலத் தெரியும். ஆனால் ஒன்றை மறக்காதே. 'இயக்கவியல்' என்று தலைப்பு எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போது, எந்தச் சமன்பாடு என்று தேர்ந்தெடுக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் என்பவர்கள் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு கணக்குகளை ஒரு குழு வகைவகையாகவும் இன்னொரு குழு கலந்தும் போட்டது. பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகைவகையாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள், கலந்து போட்டவர்கள் 63-இல் நின்றார்கள். அதனால் நான்காவது, ஐந்தாவது வாரங்களில், கலவைக்கு வைத்த இரண்டு வினாத்தாளையும் பாதிப் பாதியாக எழுது. அப்போது மதிப்பெண் சற்று இறங்கும். பயந்து பாடவாரிப் பயிற்சிக்கே திரும்பிப் போய்விடாதே.

அடிக்கடி வரும் கேள்விகளை மட்டும் படிக்கலாமா என்று கேட்டாய். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வந்திருக்கிறது என்று பழைய ஏழு தாள்களிலும் கூட்டிப் பார், அது நல்ல வேலைதான். எதை முதலில் படிப்பது என்று வரிசை போட அது உதவும். எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய உதவாது. ஏழு தாள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மூன்று வருடமாக வராத கேள்வி இந்த வருடம் 'வந்தே ஆக வேண்டும்' என்றும் இல்லை, போன வருடம் வந்தது இந்த வருடம் வராது என்றும் இல்லை. திரும்பத் திரும்ப வருவது கேள்வியின் உள்ளே இருக்கும் வேலைதான், எண்ணும் வார்த்தையும் மாறிக்கொண்டே இருக்கும். பந்தும் பலூனும் வேறு வேறு கேள்வியாகத் தெரிந்தாலும் இரண்டும் கேட்பது ஒன்றைத்தான். பட்டியல் போடுவதாக இருந்தால், 'எதிரெதிர்த் திசையில் வேகமும் முடுக்கமும்' என்று அந்த வேலையின் பெயரைப் போட்டுப் பட்டியலிடு.

கடைசி மூன்று வாரத்தில் உறையைத் திற, வாரத்துக்கு ஒன்று. உண்மையான தேர்வு நடக்கும் நேரத்திலேயே உட்கார். நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்: 3 மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால், வாசிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் 20 நிமிடம் போக 160 நிமிடம் மிஞ்சும். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம், 5 மதிப்பெண் கேள்விக்கு 8 நிமிடம். ஓரத்தில் குறித்த மணிகளைப் பார்த்தால் எந்தக் கேள்வி 8 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடம் தின்றது என்று தெரிந்துவிடும். அநேகமாக அது கடினமான கேள்வியாக இருக்காது, விட மனசு வராத கேள்வியாக இருக்கும். அதற்கு ஒரு விதி வைத்துக்கொள்: ஒதுக்கிய நேரம் முடிந்ததும் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. இந்த விதியை வீட்டில் பழகாமல் தேர்வு அறையில் முதல்முறையாகக் கடைப்பிடிக்க முடியாது.

மூன்று ஒத்திகையின் மொத்த மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. வினாத்தாளுக்கு வினாத்தாள் கடினம் மாறும். அதற்குப் பதில், இழந்த மதிப்பெண்களை நோட்டில் உள்ள காரணங்களோடு பொருத்திப் பார். நீ ஏற்கெனவே கோடு இழுத்த காரணத்தால் மறுபடி மதிப்பெண் போனால், அந்தக் கோட்டைச் சீக்கிரம் இழுத்துவிட்டாய் என்று அர்த்தம், அதைத் திரும்பத் திற. புதிய காரணத்தால் போனால் அது இயல்பு. தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளும் எந்த வினாத்தாளும் வேண்டாம். கோடு இழுக்காத பதிவுகளை மட்டும் எடுத்து, அந்தந்தக் கணக்குகளை வெறும் தாளில் போட்டுப் பார்.

இந்த வாரம் எழுதும் நான்காவது வினாத்தாளைத் திருத்தியதும், அடித்தல் திருத்தல் எதையும் சீர் செய்யாமல் அப்படியே படம் எடுத்து அனுப்பு, நோட்டில் எழுதிய காரணங்களையும் சேர்த்து. எங்காவது 'சூத்திரம் மறந்துவிட்டது' என்று எழுதியிருந்தால், நிஜமாகவே மறந்ததா, இல்லை எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கத் தெரியவில்லையா என்று நான் கேட்பேன். அதை யோசித்து வைத்திரு.

அன்புடன்,
அக்கா